ஒரே பானைச் சோறு, ஆளுக்கு ஒரு கணக்கு: அரிசிச் சாப்பாட்டில் புரதம் பார்ப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் மூன்று வேளையும் சோறுதான். காலையில் பழைய சோறோ சூடான சோறோ, மதியத்துக்குத் தூக்கில் சோறு, ராத்திரி திரும்பவும் சோறு ரசம். "அரிசியில் சத்தே இல்லை, வெறும் மாவு" என்று சிலர் சொல்கிறார்கள், "எங்க தாத்தா சோறு தின்னே மலையேறினார், எல்லாம் போதும்" என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எடை போட்டுப் பார்த்தால் இரண்டுமே சரியில்லை. அரிசியில் புரதம் இருக்கிறது, நாம் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. ஆனால் அது போதுமா என்பது பானையைப் பொறுத்தது இல்லை, தட்டைப் பொறுத்தது. ஒரே பானையில் சாப்பிடும் மருமகளுக்குக் கிட்டத்தட்டப் போதும், மாமியாருக்குப் பாதிதான் தேறும். பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் தராசை வைத்துப் போட்ட கணக்கை வைத்தே இதைச் சொல்கிறேன், நீங்களும் உங்கள் வீட்டில் அப்படியே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் எடை. வேகாத அரிசியைத்தான் எடை போட வேண்டும், சோற்றை இல்லை. புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான். வேகாத அரிசி 100 கிராமில் 7 முதல் 8 கிராம் புரதம் உண்டு, நாம் 7.5 என்று வைத்துக்கொள்வோம். புழுங்கலுக்கும் பச்சரிசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, ரேஷன் அரிசியும் கடை அரிசியும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். அதே 100 கிராம் வெந்து தண்ணீரைக் குடித்து 270, 300 கிராம் சோறாகிவிடும், புரதம் கூடாது. ஆக 100 கிராம் சோற்றில் இருப்பது இரண்டரை கிராம்தான். சோற்றை எடை போட்டு அதை 7.5-ஆல் பெருக்கினால் விடை மூன்று மடங்காக வந்து நிற்கும், "அட, நமக்குத் தாராளமா இருக்கே" என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவோம். கஞ்சி வடித்தால் புரதம் போய்விடுமா என்று கேட்பார்கள். பெரிதாகப் போகாது, அரிசிப் புரதத்தில் பெரும்பகுதி தண்ணீரில் கரையாதது. வடிப்பதில் போவது முக்கியமாக பி வைட்டமின்கள்.

வீட்டில் தராசு இல்லையென்றால் பரவாயில்லை. அரிசி அளக்கிற டம்ளரை மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் ஒரே ஒரு தடவை எடை போட்டு வாங்கி வந்தால் போதும், பிறகு டம்ளர் கணக்கிலேயே ஓட்டலாம்.

அடுத்து, யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது. இதற்குச் சுலபமான வழி அன்னக்கரண்டி. அக்கா வீட்டில் நான்கு பேர்: அக்கா, அவர் வீட்டுக்காரர், எட்டு வயதுப் பையன், மாமியார். அன்றைக்குக் காலையும் சாயங்காலமும் சேர்த்து 1,200 கிராம் அரிசி போட்டார்கள். வடித்த சோற்றை ஒரே கரண்டியால், தலை தட்டி, எண்ணி எண்ணிப் பரிமாறச் சொன்னேன். மொத்தம் 30 கரண்டி வந்தது. அப்படியென்றால் ஒரு கரண்டி சோறு என்பது 40 கிராம் அரிசி, அதாவது 3 கிராம் புரதம். இந்த ஒரு எண் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் விரல்விட்டு எண்ணுகிற வேலைதான்.

அக்கா கொழுந்து எடுக்கப் போகிறவர், எடை 50 கிலோ. மூன்று வேளைக்கும் சேர்த்து 10 கரண்டி சாப்பிட்டார், 30 கிராம் புரதம். மாமியாருக்கு, அதாவது பையனின் பாட்டிக்கு, எடை 45 கிலோ, வயது எழுபதைத் தாண்டியவர். காலையில் ஒன்று, மதியம் இரண்டு, ராத்திரி ஒன்றரை, ஆக நாலரை கரண்டி, 13.5 கிராம். இதற்கு மேல் காய், டீயில் ஊற்றும் பால், தண்ணீர் மாதிரி ஒரு சாம்பார், இவையெல்லாம் சேர்ந்து அக்காவுக்கு ஒரு 6 கிராமும் பாட்டிக்கு ஒரு 5 கிராமும் கொடுக்கும். ஆக அக்காவுக்கு 36, பாட்டிக்கு 18.5.

எவ்வளவு வேண்டும்? ஐசிஎம்ஆரும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் சொன்ன அளவு, பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம். உடல் எடையை அதால் பெருக்கிக்கொள்ளுங்கள். அக்காவுக்கு 50 கிலோ, அதனால் சுமார் 42 கிராம். பாட்டிக்கு 37. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் இதற்கு மேல் வேண்டும், கடைசி மூன்று மாதத்தில் மட்டும் ஒரு நாளைக்கு இன்னும் 22 கிராம்.

இப்போது இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்காவுக்கு 42-க்கு 36 வந்துவிட்டது, பருப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லாமல். நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிற உடம்பு நிறையச் சோறு கேட்கிறது, சோறு நிறையப் போனால் அதோடு புரதமும் போகிறது. மலையேறின தாத்தா கதை இப்படித்தான் உண்மையாகிறது. பாட்டிக்கு அதே பானைதான், அதே குழம்புதான், ஆனால் 37-க்கு 18.5, சரியாகப் பாதி. பசி குறைந்துபோனதால் சோறு குறைந்தது, சோற்றோடு சேர்ந்து புரதமும் குறைந்துவிட்டது. அவருக்குத் தேவை மட்டும் குறையவில்லை.

அக்காவின் 36-ஐயும் அப்படியே 36 என்று எடுத்துக்கொள்ள முடியாது. உணவுப் புரதம் பல அமினோ அமிலங்களால் ஆனது, அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அரிசியில் எது தட்டுப்பாடு என்றால் லைசின். 50 கிலோ உள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,500 மில்லிகிராம் லைசின் வேண்டும், அக்கா சாப்பிட்ட 400 கிராம் அரிசி கொடுப்பது 1,100 சொச்சம். ஒன்று குறைந்தால் மற்ற எட்டும் முழுதாகப் பயன்படாது, மிஞ்சினதை உடம்பு விறகு மாதிரி எரித்துவிடும். பருப்பில் இது தலைகீழ். லைசின் தாராளம், அரிசியில் போதுமான அளவு இருக்கும் மெத்தியோனின் வகைதான் குறைவு. அதனால் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பிக்கொள்கிறது. நம் பாட்டிமார் லைசினைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து என்று அளந்து போட்டார்கள். பொங்கலுக்கு மூன்றுக்கு ஒன்று பாசிப்பருப்பு போட்டுப் பாருங்கள். வெறும் அரிசி 100 கிராமுக்கு 7.5 கிராம் புரதம் என்றால், 75 அரிசியும் 25 பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கலுக்கு 11.5. தட்டு அதே அளவுதான், புரதம் ஒன்றரை மடங்கு, தரமும் கூடிவிட்டது.

சரி, எவ்வளவு பருப்பு சேர்த்தால் எவ்வளவு மாறும்? துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் பருப்பு, அதாவது உள்ளங்கையில் அள்ளினால் ஒரு சின்ன கை. அதில் 6.5 கிராம் புரதம், சுமார் 450 மில்லிகிராம் லைசின். அக்காவின் கணக்கில் இதைக் கூட்டிப் பாருங்கள். 36 ஆக இருந்தது 42.5 ஆகிறது, லைசினும் 1,100-லிருந்து 1,500-ஐத் தாண்டுகிறது. ஒரே ஒரு கை பருப்பில் இரண்டும் தேறிவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்கில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு முட்டையும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு சாதாரண முட்டையில் 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல் புரதம், லைசினும் அந்த 30 கிராம் பருப்பு கொடுக்கிற அளவுக்குப் பக்கத்தில் வரும். வித்தியாசம், முட்டைப் புரதம் ஏறக்குறைய முழுதும் செரித்துச் சேர்ந்துவிடும், பருப்பில் ஒரு பங்கு செரிக்காமல் போகும். அதனால் 'ஒரு முட்டை, ஒரு கை பருப்பு' என்று சமமாக வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாகாது, முட்டை கொஞ்சம் முன்னே நிற்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி முட்டை, பண்ணை முட்டை என்ற பேதம் புரதத்தில் இல்லை. பச்சை முட்டையை அப்படியே உடைத்துக் குடிப்பது வேண்டாம், வெந்த முட்டையில் சேர்கிற புரதத்தில் பாதியளவுதான் பச்சையில் சேரும், கிருமி பயம் வேறு.

பருப்பில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. "எங்க வீட்டுல தினம் சாம்பார்தான்" என்று அக்காவும் சொன்னார். எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, ரேஷனில் வாங்குகிற ஒரு கிலோவை மாசம் முழுக்க ஓட்டுவோம் என்றார். குடும்ப அட்டைக்கு 30 ரூபாய்க்குக் கிடைக்கிற அந்த ஒரு கிலோவை நாலு பேருக்கும் முப்பது நாளுக்கும் வகுத்தால், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் சொச்சம் பருப்பு, இரண்டு கிராம்கூடத் தேறாத புரதம். சாம்பார் தட்டு நிறைய இருக்கும், மஞ்சளாகவும் இருக்கும், ஆனால் அதில் இருப்பது புளித்தண்ணீரும் காயும்தான். ஆகவே எத்தனை கரண்டி சாம்பார் என்று எண்ணாதீர்கள். குக்கரில் போட்ட பருப்பின் எடையை ஆள் எண்ணிக்கையால் வகுங்கள், உண்மைக் கணக்கு அதுதான். நாலு பேருக்கு ஆளுக்கு 30 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 120 கிராம், மாசத்துக்கு 3.6 கிலோ. ரேஷன் ஒரு கிலோ போக மீதி இரண்டரை கிலோ சொச்சத்துக்குத் துவரை மட்டும்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பாசிப்பருப்பு, கொள்ளு, பச்சைப்பயறு, காய்ந்த மொச்சை எல்லாமே 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் புரதம் தருகிறவைதான், எது மலிவோ அதைக் கலந்து வாங்கலாம். நம் மலையில் பட்டர் பீன்ஸும் பச்சைப் பட்டாணியும் விலை இறங்குகிற வாரங்களில் அவற்றையும் கணக்கில் சேருங்கள். உரித்த பட்டர் பீன்ஸ் 100 கிராமில் ஒரு முட்டை அளவுக்குப் புரதம் இருக்கிறது. கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட் அப்படி இல்லை, அவை வேறு சத்துக்கு.

120 கிராமை முழுக்க சாம்பாரில் போட்டால் களி மாதிரி ஆகிவிடும் என்று அக்கா சிரித்தார். சாம்பாரில் பாதி போடுங்கள், மீதியை முட்டைக்கோஸ் கூட்டிலோ சௌசௌ கூட்டிலோ பாசிப்பருப்பாகப் போடுங்கள், கீரை கடையும்போது ஒரு கை போடுங்கள், பீன்ஸ் மலிவாக இருக்கும் நாளில் பருப்பு உசிலி செய்யுங்கள். இப்படிப் பிரித்தால் யாருக்கும் தெரியாமலே உள்ளே போய்விடும்.

இனி மலையில் மட்டும் வருகிற தொல்லை. "பருப்பு எங்க வேகுது, அதான் கொஞ்சமா போடுறேன்" என்பதுதான் அக்காவின் உண்மையான காரணம், காசு இரண்டாவதுதான். கீழே மேட்டுப்பாளையத்தில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும், இங்கே 94 டிகிரிக்கே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. தளதளவென்று கொதிக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருப்போம், பருப்பு கல்லாகவே கிடக்கும், ஏனென்றால் அந்தத் தண்ணீருக்கு அதற்கு மேல் சூடு ஏறாது. குக்கரும் முழுத் தீர்வு இல்லை. விசில் குண்டு கொடுக்கிற அழுத்தம் எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஆனால் இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, அதனால் குக்கருக்குள் இருக்கும் சூடும் சமவெளியைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் நிற்கும். கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள் அம்மா வீட்டு விசில் கணக்கை இங்கே வைத்துக்கொண்டு திண்டாடுவது இதனால்தான்.

அதற்குச் செய்ய வேண்டியது இது. துவரம்பருப்பைக் கழுவி முக்கால் மணியோ ஒரு மணியோ ஊற வையுங்கள், கொள்ளும் மொச்சையும் ராத்திரியே ஊறட்டும். புளி, தக்காளி எதுவும் முதலில் வேண்டாம், புளிப்பு பருப்பை இறுக்கிவிடும். வெறும் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய். முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிறிதாக்கி, விசிலை எண்ணாமல் கடிகாரத்தைப் பார்த்து 12 முதல் 15 நிமிடம் விட்டு, ஆவி தானாக அடங்கட்டும். வெந்ததா என்று பார்க்க ஒரு பருப்பை இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்குங்கள், நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு தட்டுப்பட்டால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். அரைவேக்காட்டுப் பருப்புதான் வயிறு உப்பிக்கொள்ள ஒரு முக்கியக் காரணம், அது ஒரு தடவை வந்தால் பாட்டி பருப்பையே ஒதுக்கிவிடுவார். இத்தனையும் செய்தும் வேகவில்லையென்றால் பருப்பு பழசு. ஈரமான இடத்தில் மாசக்கணக்கில் கிடந்த பருப்பு இறுகிப்போகும், நம் ஊர் மழைக்காலத்தில் சாக்குப்பையில் வைக்காமல் இறுக்கமாக மூடுகிற டப்பாவில் வையுங்கள். முட்டைக்கும் இதே கதைதான், கீழே பத்து நிமிடம் என்றால் இங்கே 13, 14 நிமிடம்.

இப்போது பாட்டிக்கு வருவோம், கணக்கின் கடினமான பக்கம் அங்கேதான் இருக்கிறது. 18.5-இல் நிற்கிறார். 30 கிராம் பருப்பு சேர்த்தால் 25. ஒரு முட்டையும் சேர்த்தால் 31. மதியம் ஒரு டம்ளர் தயிர், 200 மில்லி, அதில் இன்னொரு 6 கிராம், ஆக 37. மூன்றும் சேர்ந்தால்தான் அவருக்குத் தேறுகிறது, ஒன்றை எடுத்தாலும் குறைகிறது. அக்காவுக்கோ பருப்பு மட்டுமே போதுமாக இருந்தது. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? முட்டை வாங்கினால் வேலைக்குப் போகிற ஆம்பளைக்கு ஒன்று, வளர்கிற பையனுக்கு ஒன்று, "எனக்கெதுக்கும்மா இந்த வயசுல" என்று பாட்டி தள்ளிவிடுவார். பையனுக்குப் பள்ளிக்கூடச் சத்துணவிலேயே வாரத்தில் ஐந்து நாள் முட்டை கிடைத்துவிடுகிறது. எட்டு வயதுக்கு ஒரு நாளைக்கு 23 கிராம் போதும், அந்த முட்டையும் வீட்டுப் பருப்பும் இருந்தால் அவன் தேறிவிடுவான். வீட்டுக்காரர் அக்காவைவிட அதிகமாகச் சோறு சாப்பிடுகிறவர், பருப்பு கெட்டியானால் அவர் கணக்கும் பெருமளவு சரியாகிவிடும். வீட்டில் ஒரே ஒரு முட்டைதான் என்றால் அது யாருடையது? குறைவாகச் சாப்பிடுகிறவருடையது. நான் இதை அக்காவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "அத்தையோட கால் சூம்பிப் போச்சு, வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

வயதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் புரதம் பாதியில் நின்றால் சதை இன்னும் வேகமாகக் கரையும். வீட்டிலேயே பார்க்க ஒரு வழி, நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வது. முன்பு எழுந்தவர் இப்போது முடியவில்லை என்றால் தொடைச் சதை குறைந்திருக்கலாம். கால் வீங்கியிருந்தால் அதைப் புரதக் குறை என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம், இதயம், சிறுநீரகம் என்று வேறு காரணங்கள் இருக்கும், டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது, அவர்களுக்குப் புரதத்தை எவ்வளவு வைப்பது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். முட்டையில் கொழுப்பு இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு, ஒரு நாளைக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. சர்க்கரை, இதய நோய்க்கு மருந்து எடுக்கிறவர்கள் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு அக்கா மாதிரி உடம்பால் உழைக்கிறவர்கள் சோற்றைச் சட்டென்று பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். உழைப்புக்கு வேண்டிய எரிசக்தி சோற்றில் வராவிட்டால், நீங்கள் காசு போட்டு வாங்கிய பருப்பையும் முட்டையையும் உடம்பு எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், சதைக்குப் போகாது. பருப்பு சேர்ந்த அளவுக்கு ஒரு கரண்டி தானாகக் குறைந்தால் குறையட்டும், அவ்வளவுதான்.

பாட்டிக்குச் சாப்பாட்டின் வரிசையையும் மாற்றினோம். முதலில் ரசம் சோறு என்று ஆரம்பித்தால் இரண்டு வாயில் வயிறு நிறைந்துவிடுகிறது. இப்போது முதல் கரண்டி சோற்றிலேயே கடைந்த பருப்பும் நெய்யும், பசி இருக்கும்போதே அது உள்ளே போய்விடுகிறது, ரசம் பிறகு. அவித்த முட்டையின் மஞ்சள்கரு தொண்டையில் அடைக்கிறது என்று இரண்டு நாள் வேண்டாம் என்றார், பல்லும் இல்லை. மூன்றாவது நாள் கொதிக்கிற ரசத்தில் முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கி, நன்றாகத் திரிந்து வெந்ததும் சோற்றில் பிசைந்து கொடுத்தார் அக்கா, மிளகு கொஞ்சம் தூக்கலாக. பாட்டி அதை முழுதாகச் சாப்பிட்டார். மாசம் ஒரு தடவை கரண்டியை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குளிர் ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ பாட்டியின் நாலரை கரண்டி மூன்றாகிவிடும், அந்த வாரங்களில் தயிரையும் முட்டையையும் மட்டும் விட்டுவிடக் கூடாது.